உடைந்த டைல்ஸும் குறையும் கடனும்

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "கொழும்புக்காரரிடம் கடனுக்கு எடுத்த சாமான் உடைஞ்சு வந்தா, பில்லிலேயே வெட்டிட்டு மிச்சக் காசைக் கொடுத்தாப் போதாதா? டெபிட் நோட் எதுக்கு?"

போதாது. நம் கையிலுள்ள பில்லை வெட்டினாலும் கொழும்பிலுள்ள பிரதியில் பழைய தொகைதான் இருக்கும். அதனால் பில்லில் கைவைக்காமல், கடனைக் குறைக்கத் தனியாக ஒரு தாள் எழுதுகிறோம்.

கல்முனைக் கடையொன்றுக்கு 100 பெட்டி டைல்ஸ் வருகிறது என்று வைப்போம். விலை பெட்டிக்கு 4,000 ரூபா, வியாபாரக் கழிவு 10 சதவீதம். ஆக ஒரு பெட்டி 3,600, பில் 3,60,000. லொறியிலிருந்து இறக்கும்போதே 8 பெட்டி நொறுங்கிக் கிடக்கிறது. ஒப்பமிடுவதற்கு முன் அதை விநியோகச் சீட்டில் எழுதி, சாரதியிடமும் ஒப்பம் வாங்க வேண்டும். பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படமாட்டார் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. ஆனால் "எல்லாம் சரி" என்று ஒப்பமிட்ட சீட்டை வைத்துக்கொண்டு வாதாடுவது கஷ்டம்.

அடுத்து டெபிட் நோட். பில் இலக்கம், திகதி, எண்ணிக்கை, காரணம், தொகை. பலர் சறுக்குவது தொகையில்தான். 8 பெட்டியை 4,000ஆல் பெருக்கி 32,000 என்று எழுதிவிடுகிறார்கள். நாம் கடன்பட்டதே பெட்டிக்கு 3,600தான். சரியான தொகை 28,800.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான். நம் ஏட்டில் கடன்கொடுத்தோர் கணக்கு வரவு, வெளித்திரும்பல் கணக்கு செலவு, இரண்டிலும் 28,800. காசுக் கணக்கு அசையவில்லை. ஆனாலும் கடன் 3,31,200ஆக இறங்கிவிட்டது. கொழும்பில் இதே தொகை இடம்மாறி விழுகிறது: அங்கே உட்திரும்பல் வரவு, நம் பெயரிலுள்ள கடன்பட்டோர் கணக்கு செலவு. ஒரே 28,800 இரண்டு ஊர் ஏடுகளிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் பதிந்தால்தான் இருவர் காட்டும் மீதியும் ஒன்றாகும். பாடசாலையில் நாளேட்டை மட்டும் மனனம் செய்விக்காமல், இரண்டு பிள்ளைகளை வாங்குபவராகவும் விற்பவராகவும் உட்கார்த்தி எழுதவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டெபிட் நோட் நமது கோரிக்கை மட்டுமே. வழங்குநர் அதை ஏற்று கிரெடிட் நோட் அனுப்பும்வரை அவருடைய ஏட்டில் 3,60,000தான் நிற்கும். மாதக் கடைசியில் வரும் கணக்குக் கூற்றில் வித்தியாசம் அச்சொட்டாக 28,800 என்றால், கிரெடிட் நோட் இன்னும் வரவில்லை என்று பிடித்துவிடலாம். 3,200 என்றால், யாரோ கழிவை மறந்து 32,000 போட்டிருக்கிறார்கள்.

சிலவேளை அவர் 6 பெட்டிக்கு மட்டும் சம்மதிப்பார். அதை நாமும் ஒப்புக்கொண்டால், 7,200ஐத் திருப்பிப் பதிய வேண்டும். கடன் 3,38,400ஆக ஏறும். அந்த 2 பெட்டியின் நட்டம் கல்முனைக் கடையின் கணக்கில் சேரும்.