ஜாமீன் கேட்கும் நண்பனுக்கு 'முடியாது' என்று எழுதுவது எப்படி

கும்பகோணத்தில் வக்கீலாக இருக்கிறேன். போன வாரமும் ஒருவர் பேங்க் நோட்டீஸோடு வந்தார். பாபநாசம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர். நெல் அரவை மிஷின் வாங்க நண்பர் எடுத்த 6 லட்சம் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறார், நண்பர் தவணையை நிறுத்தியதும் அதே கிளையில் இவர் மகள் கல்யாணத்துக்குப் போட்டிருந்த 2 லட்சம் டெபாசிட்டை வங்கி கடனில் வரவு வைத்துவிட்டது.

"முதல்ல அவன் மிஷினை ஏலம் விட்டுட்டுத்தானே சார் என்கிட்ட வரணும்?" என்றார். எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். இல்லை, அப்படி ஒரு வரிசை கிடையாது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 128வது பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. வங்கி அச்சடித்துத் தரும் பத்திரம் உங்களுக்குச் சாதகமாக வேறு மாதிரி எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடன் வாங்கியவரை விட்டுவிட்டு நேராக ஜாமீன்தாரரிடம் வசூலிக்கலாம் என்று 1968இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கட்டிய பணத்தை நண்பரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டுதான், ஆனால் வங்கிக்கே கொடுக்க முடியாதவரிடம் எதை வாங்குவீர்கள்? அவர் இறந்துபோனாலும் உங்கள் பொறுப்பு தீராது.

நேரில் கேட்டால் மறுக்க வாய் வராது, புரிகிறது. அப்படியானால் எழுதிக் கொடுங்கள். அந்த ஆசிரியர் அன்றைக்கு இப்படி எழுதியிருக்கலாம்:

"அன்புள்ள நண்பா, மிஷின் போடும் யோசனை நல்ல யோசனை. ஜாமீன் கேட்டிருந்தாய். என்னால் கையெழுத்துப் போட முடியாது. யாருக்கும் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. கடன் நின்றால் முழுத்தொகையும் என்மேல் வரும், அதைத் தாங்க என் குடும்பத்துக்கு வசதி இல்லை. முன்பணத்துக்கு என்னால் 20,000 தர முடியும், முடிகிறபோது திருப்பிக் கொடு. சி.ஜி.டி.எம்.எஸ்.இ. திட்டத்தில் சொத்து அடமானமும் மூன்றாம் ஆள் ஜாமீனும் இல்லாமல் சிறு தொழிலுக்குக் கடன் தருகிறார்கள். மேனேஜரிடம் அதைக் கேள், வேண்டுமானால் நானும் கூட வருகிறேன்."

மறுப்பு மூன்றாவது வரியிலேயே வந்துவிடுகிறது பாருங்கள். "இப்போதைக்கு முடியாது" என்று எழுதினால் அடுத்த மாதம் மறுபடி வருவார். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை என்று தயவுசெய்து எழுதாதீர்கள், அவர் நேரே உங்கள் மனைவியிடம் போய்ப் பேசுவார், அப்புறம் வீட்டில் சண்டை. தருவதாகச் சொல்லும் தொகை, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடியதாக இருக்கட்டும். திட்டத்தில் கடன் கொடுப்பதும் மறுப்பதும் மேனேஜர் கையில், அதனால் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கு: நண்பர் எடுத்தெடுத்துக் கட்டுகிற கேஷ் கிரெடிட் கணக்கு என்றால், இனிமேல் எடுக்கும் பணத்துக்கு நான் ஜாமீன் இல்லை என்று வங்கிக்குப் பதிவுத் தபாலில் எழுத அதே ஒப்பந்தச் சட்டத்தின் 130வது பிரிவு இடம் தருகிறது. அதற்கு முன் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள், அந்த உரிமையையே விட்டுக்கொடுப்பதாக அதில் ஒரு வரி இருக்கலாம். ஏற்கெனவே கொடுத்து முடித்த தவணைக் கடனிலிருந்து இப்படி வெளியே வர முடியாது.