மழை பெய்து பயிர் அழிந்தது: பர்மிய ஆய்வுச் சுருக்கத்தை ஆங்கிலமாக்கும்போது

பர்மிய ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களை ஆங்கிலத்தில் தருவது என் வேலைகளில் ஒன்று. பக்கம் முழுவதையும் ஒரே வாக்கியம் அடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஆங்கிலேய நண்பர்கள் மிரள்வார்கள். எனக்கு அந்த மிரட்சி வந்ததில்லை. வினை கடைசியில் வருவதும், 'வயலில் உழைக்கிற விவசாயி' என்று அடைமொழித் தொடர் பெயருக்கு முன்னால் நிற்பதும் நம் வீட்டுப் பழக்கம்தானே. இந்தச் சௌகரியமே என்னை ஒருமுறை கவிழ்த்தது.

அந்தச் சுருக்கம் ஐராவதி ஆற்றின் முகத்துவாரப் பகுதியைப் பற்றியது. அதன் நடுவாக்கியத்தை அப்படியே தமிழில் வைத்தால் இப்படி இருக்கும்: "இச்சுருக்கத்தில், 2008ஆம் ஆண்டின் நர்கீஸ் புயலில் கடல்நீர் புகுந்து உப்பேறிய வயல்களில் பயிரிட்டு, விளைச்சல் குறைந்து, கடன் வாங்கி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நகரங்களுக்கு இடம்பெயர்கிற விவசாயிகளின் நிலை நேர்காணல்வழி ஆராய்ந்து முன்வைக்கப்பட்டுள்ளது."

தமிழில் இது கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதற்கு இடமே இல்லை. எனவே நான் கடைசியிலிருந்து தொடங்குவேன். முற்றுப்புள்ளியாகிய இரட்டைக்கோட்டுக்கு முன்னால் நிற்கும் வினைதான் வாக்கியத்தின் உண்மையான வினை. இங்கே அது 'ஆராய்ந்து முன்வைக்கப்பட்டுள்ளது'. பர்மியச் சுருக்கங்களில் இந்த இரட்டை வினை ஏறக்குறைய ஒரு சடங்கு. ஆங்கிலத்தில் 'ஆராய்கிறது' என்ற ஒன்றே போதும். அடுத்து அது எதை ஆராய்கிறது என்று தேடுவேன்: 'விவசாயிகளின் நிலை'. முதல் ஆங்கில வாக்கியம் இவ்வளவில் முடிந்துவிடும். மீதமுள்ள அடைமொழிகள் எல்லாம் 'இந்த விவசாயிகள்' என்ற புதிய எழுவாயோடு தனி வாக்கியங்களாக இறங்கும்.

சிக்கல் இறக்கும்போது வருகிறது. அந்த 'குறைந்து', 'வாங்கி', 'விட்டு' என்பவற்றைப் பர்மிய எழுத்து வழக்கு 'யுவே' என்ற சிறு இடைச்சொல்லால் கோக்கிறது. நம் வினையெச்சத்துக்கு நெருங்கிய உறவு அது. 'மழை பெய்து பயிர் அழிந்தது' என்றால் மழையால் அழிந்ததா, மழைக்குப் பிறகு அழிந்ததா? தமிழர் யாரும் கேட்பதில்லை, சூழலே சொல்லிவிடும். யுவேயும் அப்படித்தான்: முன்பின் வரிசை, காரணம், செய்யும் விதம் மூன்றையும் ஒரே முகத்தோடு தாங்கும். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் 'ஆஃப்டர்' போடுவதா, 'பிகாஸ்' போடுவதா என்று நாமே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

நான் 'பிகாஸ்' போட்டேன். விளைச்சல் குறைந்ததால் கடன் வாங்கினார்கள். படிக்க நன்றாகவும் இருந்தது. ஆனால் அந்த ஆய்வாளரின் நேர்காணல்களில் சிலர் புயலுக்கு முன்பே கடனில் இருந்தவர்கள். அவர் நிகழ்ந்தவற்றை வரிசையாக அடுக்கியிருந்தாரே தவிர, காரணம் சொல்லவில்லை. செய்யாத ஒரு வாதத்தை அவர் வாயில் நான் திணித்திருந்தேன். இதழின் மதிப்பீட்டாளர் அந்த வரியைப் பிடித்துக் கேள்வி கேட்டபோதுதான் ஆய்வாளருக்கே தெரிந்தது.

காரணத்தை உறுதியாகச் சொல்ல விரும்பும் ஆசிரியருக்குப் பர்மிய மொழியில் வேறு வழிகள் உண்டு. 'தோ சௌங்' என்று வெளிப்படையாகவே எழுதுவார். அது இல்லாமல் யுவே மட்டும் இருந்தால், இப்போது நான் வரிசையை மட்டும் காட்டும் சொற்களில் நின்றுவிடுகிறேன். ஐயம் தீராவிட்டால் அந்த ஒரு இடத்தைப் பற்றி ஆசிரியருக்கு எழுதிக் கேட்கிறேன், அதுவும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக: 'கடன் விளைச்சல் குறைந்ததன் விளைவா, அல்லது அதற்குப் பின் நிகழ்ந்ததா?' 'விளக்கவும்' என்று கேட்டால் இன்னொரு நீண்ட வாக்கியம்தான் வரும்.

இன்னொரு பொறி வருடிப் படமெடுத்த பிரதிகளில் இருக்கிறது. பர்மிய எழுத்து வழக்கில் 'தி' என்பது எழுவாயையும் குறிக்கும், வாக்கியத்தையும் முடிக்கும். அதன் கீழே ஒரு சிறு புள்ளி விழுந்தால், ஓசை சற்றே இறுகி, அது நம் பெயரெச்சத்தின் வேலையைச் செய்யத் தொடங்கும். மங்கிய நகலில் அந்தப் புள்ளி மறைந்தால் 'இடம்பெயர்கிற விவசாயி' என்பது 'இடம்பெயர்கிறது, விவசாயி' என்று வெட்டுப்பட்டுத் தெரியும். வினையில் ஒட்டிய 'தி'க்குப் பின் இரட்டைக்கோடு இல்லாமல் உடனே ஒரு பெயர்ச்சொல் வந்தால், நான் படத்தைப் பெரிதாக்கிப் புள்ளியைத் தேடுவேன்.

அந்த நர்கீஸ் வாக்கியம் கடைசியில் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்களாயிற்று. சொற்கள் கூடி இதழின் வரம்பைத் தாண்டியதால், பர்மிய மூலத்தில் மூன்று முறை வந்த 'இச்சுருக்கத்தில்' என்பதை மூன்று இடத்திலும் நீக்கினேன்.