தீபாவளிப் பரிசு ஆர்டரும் 45 நாள் விதியும்: அலுவலக நிர்வாகம் பார்ப்பவர்களுக்கு

இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஆகஸ்டிலேயே இதை எழுதக் காரணம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கொட்டானில் பலகாரம் வைத்து ஊழியர்களுக்குக் கொடுக்க நினைக்கும் அலுவலகங்கள் அக்டோபர் பாதியில் போன் செய்தால் பலகாரம் கிடைக்கும், கொட்டான் கிடைக்காது. ஓலையை வார்ந்து, சாயம் ஏற்றி, காயவைத்து, கையால் முடைய வேண்டும். வடகிழக்கு மழை தொடங்கிவிட்டால் ஓலை சரியாகக் காயாது. ஈரத்தோடு முடைந்தால் பூஞ்சை பிடிக்கும். பலகாரம் அதற்கு நேர் எதிர். அதிரசமும் மாவுருண்டையும் செப்டம்பரிலேயே செய்து அடுக்கி வைக்கிற சமாசாரம் இல்லை.

அதனால் காரைக்குடியில் எங்களைப் போன்ற சிறு தயாரிப்பாளர்கள் ஒரே ஆர்டரை இரண்டு தவணையாக அனுப்புகிறோம். முதலில் கொட்டான், பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு பலகாரம். இங்கேதான் பணம் கொடுப்பது பற்றிய ஒரு மத்தியச் சட்டம் குறுக்கே வருகிறது. உங்கள் கணக்குப் பிரிவுக்கு அதன் பெயர் தெரிந்திருக்கும். ஆர்டர் போடும் நிர்வாகப் பிரிவுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. நாள் எண்ணிக்கையைத் தொடங்கி வைப்பது என்னவோ நிர்வாகப் பிரிவின் கையெழுத்துதான்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்வது இது: குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தேதியும் பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லை என்றால் 15 நாள்தான். “போன்லயே பேசிக்கிட்டோம், ரெண்டு மாசம் கழிச்சுத் தர்றோம்” என்பது இந்தச் சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தமே இல்லை. உங்கள் கம்பெனியின் அச்சடித்த ஆர்டர் படிவத்தில் 60 நாள் கிரெடிட் என்று இருந்தாலும் 45க்கு மேல் அது செல்லாது.

ஏற்றுக்கொண்ட நாள் எது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பில் தேதியிலிருந்தோ, பில்லைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய தேதியிலிருந்தோ எண்ணும் பழக்கம் அலுவலகங்களில் இருக்கிறது. சட்டம் எண்ணுவது பொருள் உங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து. அப்படி வந்த 15 நாளுக்குள், குறை இருக்கிறது என்று நீங்கள் எழுத்தில் சொன்னால் மட்டும் கணக்கு மாறும். அந்தக் குறையை நாங்கள் சரிசெய்து கொடுத்த நாள், ஏற்றுக்கொண்ட நாளாக ஆகிவிடும். செக்யூரிட்டியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புவது கணக்கில் வராது. ஒரு மெயில் போதும்.

ஓர் ஆர்டரை வைத்துப் பார்ப்போம். மதுரையில் 150 பேர் வேலை செய்யும் ஒரு தனியார் கம்பெனி. கொட்டான் ஒன்று 450 ரூபாய், அதற்குள் வைக்கும் தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் அடங்கிய பலகாரம் 950 ரூபாய். 5 சதவீத ஜிஎஸ்டியோடு கொட்டான் பில் 70,875 ரூபாய், பலகார பில் 1,49,625 ரூபாய். கொட்டான் செப்டம்பர் 25 அன்று போய்ச் சேருகிறது, பலகாரம் அக்டோபர் 30 அன்று. ஆர்டர் எழுத்தில் இருக்கிறது, 45 நாள் என்று போட்டிருக்கிறது.

கொட்டானுக்குக் கடைசி நாள் நவம்பர் 9. அதாவது தீபாவளிக்கு மறுநாள் திங்கட்கிழமை, பாதிப் பேர் ஊரிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள். பலகாரத்துக்கு டிசம்பர் 14. இரண்டும் ஒரே ஆர்டர்தானே, கடைசிப் பெட்டி வந்த நாளிலிருந்து 45 நாள் எண்ணி மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று விட்டால் முதல் பில் அதற்குள் தாமதமாகியிருக்கும். ஆர்டர் எழுத்தில் இல்லாமல் இருந்திருந்தால் பலகாரத்துக்கே நவம்பர் 14 தான் கடைசி. பலகாரப் பெட்டிகளில் நான்கு நசுங்கி வந்தன, நவம்பர் 2 அன்று மெயில் போட்டீர்கள், நாங்கள் 5ஆம் தேதி மாற்றிக் கொடுத்தோம் என்றால் 45 நாள் 5ஆம் தேதியிலிருந்து ஓடி டிசம்பர் 20இல் முடியும்.

தாமதமானால் என்ன ஆகும்? ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி ஆண்டுக்கு 16.5 சதவீதம். பலகார பில்லை டிசம்பர் 14க்குப் பதிலாக மூன்று மாதம் கழித்து மார்ச் 14 அன்று கொடுத்தால் வட்டி சுமார் 6,250 ரூபாய். கேட்டு வாங்கினால்தான் வட்டி என்று நினைக்க வேண்டாம், கொடுக்க வேண்டிய கடமை சட்டப்படியே வந்துவிடுகிறது. இந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது. பண்டிகை முடிந்த கையோடு எந்த வாடிக்கையாளரிடமும் வட்டி கேட்டுப் போக யாருக்கும் ஆசை இல்லை. ஆனால் உங்கள் ஆடிட்டர் அதைப் பார்க்காமல் விட மாட்டார்.

அவர் அதைவிட உற்றுப் பார்ப்பது மார்ச் 31ஐ. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வருமான வரிச் சட்டத்துக்குள் 43பி(எச்) என்று ஒரு விதி சேர்ந்தது. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்திலும் அது வேறு எண்ணில் தொடர்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டியும் கொடுக்காமல் மார்ச் 31 அன்று நிலுவை இருந்தால், அந்தத் தொகை அந்த ஆண்டின் செலவாக ஏற்கப்படாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் ஏற்கப்படும். நம் மதுரைக் கம்பெனி மார்ச் 14 அன்று கொடுத்துவிட்டால் வட்டியோடு போயிற்று. ஏப்ரல் முதல் வாரத்துக்குத் தள்ளினால் 1,49,625 ரூபாய் அந்த ஆண்டு லாபத்தில் ஏறும். 22 சதவீத வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்தால், அந்த வருடம் மட்டும் 37,600 ரூபாய்க்கு மேல் கூடுதல் வரி. அடுத்த வருடம் அது கழியும், ஆனால் ரொக்கம் இப்போதே போய்விடும். கம்பெனியாக இருந்தால், 45 நாள் தாண்டிய நிலுவையை அரையாண்டுக்கு ஒருமுறை எம்எஸ்எம்இ-1 படிவத்தில் கம்பெனி விவகார அமைச்சகத்துக்கும் சொல்ல வேண்டும். அறக்கட்டளை நடத்தும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளுக்குச் செலவு ஏற்கப்படாத பிரச்சினை பெரும்பாலும் இராது. வட்டிப் பொறுப்பு அவர்களுக்கும் உண்டு.

இதெல்லாம் யாரிடம் வாங்கினாலும் பொருந்துமா என்றால், இல்லை. பரிசுப்பொருள் வியாபாரத்தில் எங்கள் ஆட்களே சொல்லாமல் விடும் விஷயம் இது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இந்த உரிமை பொருளைத் தயாரிக்கும் அல்லது சேவை தரும் குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான். நடுத்தர நிறுவனத்துக்கு இல்லை. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் கொடுக்கிறார்கள், ஆனால் 2021 ஜூலையில் வந்த ஆணைப்படி அது வங்கிகள் தரும் முன்னுரிமைத் துறைக் கடனுக்கு மட்டுமே. வேறு ஊரிலிருந்து வரும் பித்தளை விளக்கையும் டப்பாவையும் பெட்டியில் அடுக்கி விற்பவர் உத்யம் சான்றிதழைக் காட்டி 45 நாள் என்று பேசினால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

எனவே விலைப்பட்டியலோடு உத்யம் சான்றிதழையும் எந்த சப்ளையரிடமும் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டு நிறுவனம் என்றால் `UDYAM-TN-` என்று தொடங்கும் எண் இருக்கும். அதை உத்யம் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். நிறுவனத்தின் வகை குறுவா, சிறுவா என்றும், முக்கியத் தொழில் தயாரிப்பா, சேவையா, வியாபாரமா என்றும் அதிலேயே இருக்கும். பதிவுத் தேதி உங்கள் ஆர்டருக்கு முந்தியதா என்றும் பாருங்கள். பிற்பாடு பதிந்துவிட்டு பழைய ஆர்டருக்கு உரிமை கேட்டால் வழக்குதான் மிஞ்சும்.

எங்களைப் பொறுத்தவரை கொட்டானும் பலகாரமும் எங்கள் பதிவின் கீழ் நாங்களே தயாரிப்பவை. யாராவது பெட்டிக்குள் குத்துவிளக்கு, பவர் பேங்க் என்று கேட்டால் வெளியே வாங்கித் தருகிறோம், அதற்குத் தனி விலை, தனி பில். அந்த பில்லுக்கு இந்த உரிமையைக் கேட்பதில்லை. தனி பில்லுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே விலையில் ஒரே பெட்டியாக விற்றால், உள்ளே இருப்பவற்றில் அதிகபட்ச ஜிஎஸ்டி விகிதம் முழுப் பெட்டிக்கும் விழும். 18 சதவீத பவர் பேங்க் ஒன்றை உள்ளே போட்டால் 5 சதவீத முறுக்கும் 18 சதவீதமாகிவிடும். பரிசாகக் கொடுக்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உங்களால் இன்புட் வரியாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது, ஜிஎஸ்டி சட்டமே அதைத் தடுக்கிறது. பட்ஜெட் போடும்போது வரியோடு சேர்ந்த தொகையைத்தான் தலைக்குச் செலவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆர்டரில் நாங்கள் எழுதச் சொல்லும் வரிகள் அதிகம் இல்லை. கொட்டானும் பலகாரமும் எந்தெந்தத் தேதியில் வர வேண்டும், ஒவ்வொரு தவணைக்கும் வந்த நாளிலிருந்து எத்தனை நாளில் பணம், குறையை எந்த மெயிலுக்கு எழுத வேண்டும், அவ்வளவுதான். 45 நாளே போடுங்கள், அது உங்கள் உரிமை. 30 போட்டால் சந்தோஷம், ஏனென்றால் முடைபவர்களுக்கு நாங்கள் வாராவாரம் கூலி கொடுக்கிறோம், முன்பணமோ யாரிடமும் வாங்குவதில்லை. பொருள் வரும் நாளில் டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்துப் போட ஓர் ஆளைச் சொல்லி வையுங்கள். அந்த சலானின் நகல் அன்றைக்கே கணக்குப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

கொட்டானின் அளவு, நிறம், எண்ணிக்கை மூன்றும் ஆகஸ்ட் 31க்குள் எங்களுக்கு வர வேண்டும். பலகார வகையை அக்டோபர் 10 வரை மாற்றிக்கொள்ளலாம். எண்ணிக்கை 10 பெட்டி வரை கூடினால் சமாளிப்போம், அதற்கு மேல் என்றால் கொட்டானுக்குப் பதில் அட்டைப் பெட்டிதான். மாதிரி ஒன்று வேண்டுமென்றால் சொல்லுங்கள், இந்த வாரமே பஸ்ஸில் போட்டுவிடுகிறோம்.