பில்லிங் மாறுகிறது: யாரிடம், எப்போது, என்ன சொல்வது?

பில்லிங் பிரிவுக்குப் புது மென்பொருள் வருகிறது என்றால் வழக்கமாக நடப்பது இதுதான். முதலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மின்னஞ்சல் போகும். சில வாரம் கழித்துப் பயிற்சித் தேதியுடன் இன்னொன்று. அப்புறம் எண்பது பக்கக் கையேடு ஒன்று இணைப்பாக வரும். கடைசியில், "நாளை முதல் பழைய முறை இயங்காது" என்று ஒரு நினைவூட்டல். முதல் மாதக் கணக்கு முடிக்கும்போது எட்டிப் பார்த்தால், பாதிப் பேர் எக்ஸெல்லில் பில்லைப் போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் புதுத் திரையைத் தொடுவார்கள். "அத்தனை தடவை சொன்னோமே" என்று நிர்வாகம் அலுத்துக்கொள்ளும். சொன்னதெல்லாம் உண்மைதான். கேட்டவர் அப்போது எந்தப் படியில் நின்றார் என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

அதைப் பார்ப்பதற்கான கருவி அட்கார். பெல் ஆய்வகத்தில் பொறியாளராக இருந்து, பிறகு நிறுவனங்களில் மாற்றம் எப்படி நடக்கிறது என்று ஆராயும் ப்ரோசை நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் ஹயட் இதை உருவாக்கினார். 2006-ல் இதைப் பற்றித் தனிப் புத்தகமும் எழுதினார். ஒரு மனிதர் பழைய வழக்கத்தை விட்டுப் புதியதற்கு வர ஐந்து படிகள் ஏற வேண்டும் என்பது இதன் சாரம். ஏன் மாறுகிறோம் என்று தெரிய வேண்டும். அதில் சேர மனம் வர வேண்டும். எப்படிச் செய்வது என்று கற்க வேண்டும். கற்றதைக் கையால் செய்ய வர வேண்டும். செய்தது நிலைக்க வேண்டும். தெளிவு, விருப்பம், அறிவு, திறன், நிலைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் அந்தப் பெயர்.

ஐந்து சொற்களை மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. இதில் வேலை செய்வது வரிசைதான். ஒவ்வொரு படிக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகிறோம். முதல் படியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால், மூன்றோ அதற்குக் கீழோ எங்கே முதலில் வருகிறதோ அதுதான் அந்த நபரின் தடை. அதற்கு மேலே உள்ள படிகளுக்கு என்ன அனுப்பினாலும் போய்ச் சேராது. மனம் வராதவருக்குக் கையேடு அனுப்புவது, பூட்டிய வீட்டு வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டு வருவது மாதிரி.

ஒரு கற்பனை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மாதச் சந்தா வசூலிக்கும் ஒரு சேவை நிறுவனம். பில்லிங் பிரிவில் 18 பேர். பில் போடுபவர்கள் 10, பணம் வாங்கும் கவுன்டரில் 4, பில் திருத்தம் பார்ப்பவர்கள் 3, மேற்பார்வையாளர் ஒருவர். மாதம் சுமார் 6,000 பில். பத்து வாரம் கழித்து, ஒரு மாதத்தின் முதல் தேதியில் புது முறை தொடங்குகிறது. இப்போதே எல்லோரிடமும் மதிப்பெண் தாளைக் கொடுக்கிறோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலதிகாரி கேட்டால் எல்லோரும் நான்கு என்றுதான் எழுதுவார்கள். அதனால் எண்ணோடு ஒரு வாக்கியமும் கேட்பது நல்லது: "ஏன் மாறுகிறோம் என்று பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு வரியில் சொல்லுங்கள்." பதில் "தலைமை அலுவலகம் சொன்னது" என்று வந்தால், தாளில் என்ன எழுதியிருந்தாலும் தெளிவுக்கு இரண்டுக்கு மேல் போட முடியாது. இன்னொன்று, சராசரி எடுக்கக் கூடாது. பாதிப் பேர் ஐந்திலும் பாதிப் பேர் இரண்டிலும் இருந்தால் சராசரி மூன்றரை வரும். அப்படி ஒரு ஆள் அந்த அறையில் இருக்கவே மாட்டார்.

நம் அலுவலகத்தில் தாள்கள் இப்படி வந்தன என்று வைப்போம். பில் போடுபவர்களுக்குத் தெளிவு 4, விருப்பம் 2. கவுன்டரில் தெளிவே 2. திருத்தம் பார்க்கும் மூவருக்கும் தெளிவும் விருப்பமும் 4, அறிவு 2. ஆக, ஒரே வாரத்தில் மூன்று விதமான செய்தி தேவைப்படுகிறது. எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அதிகபட்சம் ஒரு குழுவுக்குத்தான் பொருந்தியிருக்கும்.

கவுன்டர் விஷயம் எளிது. "இவர்கள் பணம்தானே வாங்குகிறார்கள்" என்று திட்டக் குழு அவர்களை விட்டுவிட்டது, அவ்வளவுதான். புது பில்லின் வடிவம் மாறினால் முதல் கேள்வி அவர்கள் ஜன்னலுக்குத்தான் வரும். அவர்களுக்குப் போக வேண்டியது காரணம், அதுவும் எண்ணோடு: போன மாதம் 6,000 பில்லில் 140-ஐக் கையால் திருத்தினோம், ஏனென்றால் நடுமாதத்தில் கட்டணம் மாறுவதைப் பழைய மென்பொருளால் கணக்கிட முடியாது, அதைச் செய்தவர்கள் ஆதரவையும் நிறுத்திவிட்டார்கள். இதைத் துறைத் தலைவரே சொல்ல வேண்டும். நிறுவனம் ஏன் மாறுகிறது என்பதை மேலிடத்திலிருந்தும், எனக்கு என்ன ஆகும் என்பதை நேரடி மேற்பார்வையாளரிடமிருந்தும் கேட்கவே ஊழியர்கள் விரும்புகிறார்கள் என்பது ப்ரோசையின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. நடைமுறையில் இரண்டையும் திட்டக் குழுவின் பொது முகவரியே அனுப்பிக்கொண்டிருக்கும். அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கடினமானது பில் போடும் பத்துப் பேர். அவர்களுக்குக் காரணம் நன்றாகவே தெரியும், ஆனால் மனம் வரவில்லை. அதில் ஒருவர் பதினைந்து வருட அனுபவசாலி. பழைய திரையில் மவுஸைத் தொடாமல், குறியீடுகளை வைத்தே நிமிடத்துக்கு ஒரு பில் முடிப்பார். சிக்கலான பில் என்றால் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். புதுத் திரையில் எல்லாம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதுதான், நேற்று சேர்ந்தவரும் செய்யலாம். அவர் இழப்பது ஒரு மென்பொருளை அல்ல, அந்த அறையில் தனக்கு இருந்த இடத்தை. "புது முறை எளிதானது" என்று சுவரொட்டி ஒட்டினால் அவருடைய மதிப்பெண் இன்னும் இறங்கும்.

இதற்கு மின்னஞ்சல் எழுத முடியாது. மேற்பார்வையாளர் ஒவ்வொருவரிடமும் தனியாக இருபது நிமிடம் உட்கார வேண்டும். என்ன போய்விடும் என்று நினைக்கிறீர்கள், எது பயமாக இருக்கிறது, எது மாறினால் சம்மதிப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். மூன்று விஷயங்கள் வெளிவந்தன என்று வைப்போம். முதலாவது, முதல் மாதத்தில் தவறு வந்தால் அது தன் தலையில் விழும் என்ற பயம். முதல் இரண்டு மாத பில்களின் தவறுகள் மதிப்பீட்டில் சேராது என்று எழுத்தில் கொடுத்தால் அது தீரும். சொல்லிவிட்டு மீறினால் அடுத்த பத்து வருடத்துக்கு எதுவும் எடுபடாது. இரண்டாவது, அனுபவசாலியின் இடம். புது முறையைச் சோதிப்பதற்கான சிக்கலான பில்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடம் கொடுக்கலாம். எந்த பில் எங்கே உடையும் என்று அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

மூன்றாவது வேறு ரகம். வாடிக்கையாளர் பில்லில் தொகையைக் குறைத்துத் தரும் கழிவுக் குறிப்பைப் பழைய முறையில் ஒரே திரையில் முடித்தார்கள். அதற்குப் புது முறையில் இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் இருக்கையில் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான். இதை "மாற்றத்துக்கு எதிர்ப்பு" என்று குறித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது எதிர்ப்பே இல்லை, வடிவமைப்பில் உள்ள கோளாறு. எவ்வளவு அழகாகப் பேசினாலும் தீராது. சிறு தொகைத் திருத்தத்துக்கு ஒரே ஒப்புதல் போதும் என்று மென்பொருளின் அமைப்பை மாற்றினால்தான் தீரும். அட்கார் மனிதரைத்தான் அளக்கும், மென்பொருள் சரியா என்று அதற்குத் தெரியாது. விருப்பம் குறைவாக வந்தால், அந்தத் தயக்கம் நியாயமானதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

திருத்தம் பார்க்கும் மூவருக்குப் பயிற்சியை உடனே தொடங்கலாம். பின்னால் மற்றவர்கள் கை தூக்கிக் கேட்க அறைக்குள்ளேயே மூன்று பேர் கிடைப்பார்கள். மீதிப் பேருக்கு அவசரப்படக் கூடாது. மனம் வரட்டும் என்பது ஒரு காரணம், மறதி இன்னொன்று. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னை வைத்தே சோதித்துக் காட்டினார்: கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் நாள்களிலுமே நழுவிவிடுகிறது. எட்டு வாரம் முன்னால் நடத்திய வகுப்பு முதல் தேதியன்று கைகொடுக்காது. கடைசி இரண்டு வாரத்தில் வைத்தால் போதும். பாடமும் மெனு வரிசையில் போகாமல், "நடுமாதத்தில் கட்டணம் மாறிய பில்", "இருமுறை பணம் வந்த பில்" என்று அவர்கள் தினமும் பார்க்கும் வேலையின் வரிசையில் போனால் தலையில் நிற்கும்.

பயிற்சி முடிந்ததும் எல்லோரும் அறிவுக்கு ஐந்து போட்டுவிடுவார்கள். அதை நம்பித் தொடங்கினால் முதல் வாரமே வரிசை தேங்கிவிடும். எந்தப் பொத்தான் என்று தெரிவது வேறு, வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது விரல் அங்கே போவது வேறு. திறனை அளக்க வழி, போன மாத பில்களில் 300-ஐ எடுத்துப் புது முறையில் மறுபடி போடச் சொல்வது. மொத்தத் தொகை மட்டும் பொருந்தினால் போதாது, ஒரு தவறை இன்னொன்று ஈடுகட்டியிருக்கலாம். வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒரு பில்லுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறிக்க வேண்டும். பழைய முறையில் ஒரு நிமிடம் ஆனது இங்கே மூன்று நிமிடம் ஆகிறதென்றால், முதல் மாதம் பில் தாமதமாகும். அதை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி, வேறு வேலைகளை ஒத்திவைப்பதுதான் இந்தக் கட்டத்தின் முக்கியமான அறிவிப்பு. மற்றபடி இங்கே பேச்சு குறைவாக இருக்கலாம். சிக்கினால் யாரைக் கூப்பிடுவது என்ற ஒரு எண், திரையில் ஒட்டிவைக்க ஒரு பக்கத் தாள், அவ்வளவு போதும்.

முதல் தேதி நல்லபடியாகப் போனதும் திட்டக் குழு கேக் வெட்டிக் கலைந்துவிடும். ஐந்தாவது படி அப்போதுதான் தொடங்குகிறது. பில்லிங்கில் உண்மையான சோதனை முதல் நாள் அல்ல, மாதக் கடைசி, அதுவும் இரண்டாவது மாதக் கடைசி. முதல் மாதம் கூடுதல் ஆள் இருப்பார்கள், எல்லோரும் கவனமாக இருப்பார்கள். இரண்டாவதில் அவசரம் வரும்போதுதான் பழைய வழக்கம் தலைகாட்டும். அதைக் கண்டுபிடிக்க யாரையும் விசாரிக்க வேண்டாம். பழைய மென்பொருளில் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். பகிர்வுக் கோப்புறையில் புதிதாக முளைக்கும் எக்ஸெல் தாள்களும் காட்டிக்கொடுக்கும். கையால் செய்த திருத்தங்கள் 140-லிருந்து எவ்வளவுக்கு வந்தன என்பதையும் எண்ணி, அந்த எண்ணைப் பிரிவுக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். தாங்கள் எதற்காகச் சிரமப்பட்டோம் என்று அவர்கள் பார்க்கக் கூடியது அது ஒன்றுதான்.

பழைய மென்பொருளை "எதற்கும் இருக்கட்டும்" என்று முழுதாகத் திறந்து வைப்பது பலரும் செய்வது. பழைய பில்லைத் தேடிப் பார்க்க மட்டும் விட்டு, புதிதாகப் பதிய முடியாதபடி பூட்டிவிடுவது மேல். அப்படிப் பூட்டிய பிறகும் ஒருவர் எக்ஸெல்லை விடவில்லை என்றால் உடனே கண்டிக்கக் கிளம்ப வேண்டாம். அவருக்கு மட்டும் மதிப்பெண் தாளை முதலிலிருந்து போட்டுப் பாருங்கள். பல நேரம் தடை ஐந்தாவது படியில் இருக்காது. நடுமாதக் கட்டண மாற்றத்தைப் பதிவது எப்படி என்று அவருக்கு இன்னும் சரியாகப் பிடிபட்டிருக்காது, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருப்பார்.