டிவிடெண்டுக்குப் பதில் பங்கு: டிக் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி

ஓசூர் சிப்காட்டில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கிளைகளில் வேலை செய்கிறவர்கள் சிலரிடம் தாய்க் கம்பெனியின் பங்குகள் கொஞ்சம் இருக்கும். ஊழியர் பங்குத் திட்டத்தில் சேர்ந்தவை. டிவிடெண்ட் அறிவித்ததும் ஒரு மெயில் வரும்: பணமாக வேண்டுமா, பங்காக வேண்டுமா? ஹெச்.ஆரில் கேட்டால் "பங்கு கூடினா நல்லதுதானே சார்" என்பார்கள். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை.

முதலில் இந்தியச் சட்டம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 123வது பிரிவுப்படி இங்குள்ள கம்பெனி டிவிடெண்டைப் பணமாகத்தான் தர வேண்டும். டிவிடெண்டுக்குப் பதிலாக போனஸ் பங்கு தரக்கூடாது என்று 63வது பிரிவு சொல்கிறது. ஆகவே இந்தியக் கம்பெனியின் டிவிடெண்டைப் பங்காக மாற்றித் தருகிறேன், படிவத்துக்கு இவ்வளவு ஆகும் என்று தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ யாராவது வந்தால் காசு கொடுக்காதீர்கள். இனி சொல்வதெல்லாம் வெளிநாட்டுப் பங்குக்கு.

மெயிலில் இருப்பது இரண்டில் ஒன்று. ஸ்க்ரிப் டிவிடெண்ட் என்றால் கம்பெனி புதுப் பங்கு அச்சடித்துத் தருகிறது. பணம் கம்பெனியிலேயே தங்குகிறது. மறுமுதலீட்டுத் திட்டம் என்றால், பெரும்பாலும் உங்கள் டிவிடெண்ட் பணத்தைக் கொண்டு சந்தையில் ஏற்கெனவே இருக்கும் பங்கை வாங்கித் தருகிறார்கள். உங்கள் கணக்கில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். விளைவு வேறு.

எளிமைக்கு ரூபாயிலேயே பார்ப்போம். கம்பெனியில் மொத்தம் 1,00,000 பங்கு, ஆண்டு லாபம் 10 லட்சம். பங்குக்கு லாபம் 10 ரூபாய். பங்கு விலை 100, டிவிடெண்ட் 4. உங்களிடம் 1,000 பங்கு, அதாவது 1 சதவீதம். 60 சதவீதப் பங்குகளுக்கு உரியவர்கள் ஸ்க்ரிப் கேட்டால் அவர்களுக்குரிய டிவிடெண்ட் 2,40,000 ரூபாய்க்கு, பங்கு 100 ரூபாய் வீதம், 2,400 புதுப் பங்கு பிறக்கும், மொத்தம் 1,02,400. நீங்கள் பங்காக வாங்கினால் 1,040 பங்கு, உங்கள் உரிமை 1.016 சதவீதம். பணமாக வாங்கினால் அதே 1,000 பங்கு 0.977 சதவீதமாகக் குறையும். ஆனால் கையில் 4,000 ரூபாய் இருக்கும். எல்லோரும் ஸ்க்ரிப் கேட்டிருந்தால்? உங்களிடம் 1,040, மொத்தம் 1,04,000. அதே 1 சதவீதம். பங்கு எண்ணிக்கை கூடியது, வேறொன்றும் கூடவில்லை.

லாபம் மாறாவிட்டால் பங்குக்கு லாபம் சுமார் 9.77 ஆகும். புதுப் பங்கு வருஷ நடுவில் வந்தால், கணக்கில் சராசரி எண்ணிக்கைதான் போகும். முழுக் குறைவு அடுத்த வருஷம்தான் தெரியும். கம்பெனியில் தங்கிய 2,40,000 ரூபாய் வருஷத்துக்கு 24,000 சம்பாதித்தால்தான் பழைய 10 ரூபாய் திரும்பும். அதாவது 10 சதவீத வருமானம். அந்தப் பணத்தை என்ன செய்யப் போகிறார்கள் என்பதை ஆண்டறிக்கையில் தேடுங்கள். மெயிலில் அது இருக்காது.

சந்தையில் வாங்கும் திட்டத்தில் மொத்தம் 1,00,000 அப்படியே நிற்கும், பங்குக்கு லாபமும் 10தான். தரகுச் செலவு போக உங்களுக்கு 39 பங்கு வந்தால் உரிமை 1.039 சதவீதம். மற்றவர்களின் பங்கு நீர்த்துப் போகாது. விற்றவரிடமிருந்து உங்களிடம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி அலைச்சல். மத்திகிரியில் ஒருவர் பங்காகக் கேட்க நினைத்தார், பணம்தான் வந்தது. ஹெச்.ஆரோ, பங்குதாரர் பதிவேட்டை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ராரைக் கேட்கச் சொன்னது. பங்கு நாமினி கணக்கில், அதாவது உங்களுக்காக வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் அந்தக் கணக்கை நடத்துகிறவரைக் கேளுங்கள் என்றது ரெஜிஸ்ட்ரார். அவர்களோ கடைசித் தேதி போய்விட்டது என்றார்கள். டிவிடெண்டுக்கு யார் தகுதி என்பதைத் தீர்மானிக்கும் தேதி வேறு, விருப்பம் சொல்லும் கடைசித் தேதி வேறு. நாமினி கணக்கு நடத்துகிறவர் அதற்கும் முன்னால் ஒரு தேதி வைப்பார். பதில் சொல்லாவிட்டால் பணமாகத்தான் தருவது பொதுவான வழக்கம். சில நாடுகளில் வசிப்பவர்களுக்கு ஸ்க்ரிப் கிடையாது என்று விதிகளின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். இந்தியா அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், அப்புறம் மற்ற வரிகளைப் படிக்கலாம்.

மறுமுதலீட்டில் பணம் கையைத் தொடாததால் வரி இல்லை என்று நம்பி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. டிவிடெண்ட் முழுவதும் உங்கள் வருமானம். உங்கள் வரி விகிதப்படி கட்ட வேண்டும். வாங்கிய பங்கை விற்காமல் வரிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்ஏ அட்டவணையை நிரப்பும்போது அந்த 39 பங்கையும் சேர்த்துவிடுங்கள். அதற்கான கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. வேலையை விட்டுப் பங்கை வேறு கணக்குக்கு மாற்றினால் பழைய விருப்பப் படிவம் கூடவே வரும் என்று இருந்துவிடாதீர்கள், புதிதாகக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.