வேலையின்மை வீதம்: நூறில் ஐந்து என்றால் எந்த நூறு?

ஆங்கிலத்தின் ‘அன்எம்ப்ளாய்மென்ட் ரேட்’டுக்குத் தமிழில் வழங்கும் சொல் வேலையின்மை வீதம். இன்மை பழைய சொல். ‘இன்மையின் இன்னாதது யாதெனின்’ என்ற குறளில் அது வறுமையைக் குறிக்கும். வேலை என்ற சொல்லுக்கு இலக்கியத்தில் கடல், கரை, பொழுது என்ற பொருள்களும் உண்டு. தொழில் என்பதே இன்று நிலைத்த பொருள். இரண்டையும் சேர்த்தால் ‘வேலை இல்லாதிருத்தல்’ என்றாகிறது. செய்தி எழுதுபவர் சறுக்குவது இங்கேதான். கல்லூரி மாணவிக்கும் வேலை இல்லை, எண்பது வயதுத் தாத்தாவுக்கும் வேலை இல்லை. ஆனால் கணக்கெடுப்பில் இவர்கள் வேலையற்றோர் அல்லர்.

மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2017 முதல் காலமுறை உழைப்பாளர் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. 2025 முதல் அது மாதந்தோறும் வெளியிடும் எண்கள் ‘நடப்பு வார நிலை’யின்படி கணிக்கப்படுகின்றன. கணக்கெடுப்பாளர் வரும் நாளுக்கு முந்தைய ஏழு நாட்களில் ஒருவர் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் அவர் வேலையில் உள்ளவர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கணவரின் கொலுசுப் பட்டறையில் கூலியின்றிக் கைகொடுக்கும் மனைவியும் இதில் சேர்வார். அந்த ஒரு மணி நேரமும் கிடைக்காமல், வேலை தேடினாலோ, தேடாவிட்டாலும் கிடைத்தால் செய்யத் தயாராக இருந்தாலோ வேலையற்றவர். தேடியவருக்குக் குறியீடு 81, தேடாமல் தயாராக இருந்தவருக்கு 82. ஆகவே வேலையற்றோர் எல்லாரையும் ‘வேலை தேடுவோர்’ என்று எழுதுவதே சரியில்லை.

வேலையில் உள்ளவரும் வேலையற்றவரும் சேர்ந்தால் ‘லேபர் ஃபோர்ஸ்’. இதை இலங்கைத் தமிழில் ஊழியப்படை என்பார்கள். நம் பக்கம் தொழிலாளர் படை, உழைப்பாளர் தொகுப்பு என்று பலவாறு எழுதுகிறோம். ‘தொழிலாளர்’ என்றதும் ஆலைத் தொழிலாளி மட்டுமே நினைவுக்கு வருவதால் உழைப்பாளர் தொகுப்பு மேல். வேலையின்மை வீதத்தின் வகுக்கும் எண் இந்தத் தொகுப்புதான், மக்கள்தொகை அல்ல.

ஏற்காட்டுப் பக்கம் ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் 1,000 பேர். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் 560 பேருக்கு வேலை இருக்கிறது, 30 பேர் வேலையற்றோர். படிப்பு, வீட்டுவேலை, முதுமை என மீதி 410 பேர் தொகுப்புக்கு வெளியே. உழைப்பாளர் தொகுப்பு 590. அப்படியானால் 1,000 பேரில் தொகுப்பில் உள்ளோரின் பங்கான பங்கேற்பு வீதம் 59 சதவீதம். வேலையின்மை வீதம் 30-ஐ 590-ஆல் வகுக்க 5.1 சதவீதம். 1,000 பேரில் வேலையற்றோரின் பங்கோ 3 சதவீதம்தான். ‘ஊரில் 5.1 சதவீதம் பேருக்கு வேலையில்லை’ என்றால் தப்பு. ‘59 சதவீதம் பேர் வேலை தேடுகிறார்கள்’ என்றால் அதைவிடப் பெரிய தப்பு. அதில் 56 பங்கு ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். பங்கேற்பு வீதத்துக்கு ‘வேலை செய்வோர் அல்லது தேடுவோர்’ என்று விளக்கம் தரும்போது, தலைப்புக்கு இடம் போதாமல் முதல் பாதியை வெட்டிவிடுவதால்தான் இந்தப் பிழை பிறக்கிறது.

பருவம் முடிந்து 40 பேருக்கு வேலை போகிறது. அவர்கள் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். தேடவுமில்லை, கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள். முன்பு வேலையற்றோராக இருந்த 30 பேரில் 10 பேரும் அலுத்துப்போய், வேலையே வேண்டாம் என்று ஒதுங்குகிறார்கள். இப்போது வேலையில் 520, வேலையற்றோர் 20, தொகுப்பு 540. வீதம் 3.7 சதவீதம். வேலை குறைந்தும் வேலையின்மை வீதம் இறங்கிவிட்டது! இதைப் பார்த்து ‘வேலைவாய்ப்பு பெருகியது’ என்று தலைப்பிட்டால் நடந்ததற்கு நேர் எதிராக எழுதியதாகும். அதனால் வீதம் இறங்கினாலும் ஏறினாலும், 15 வயதுக்கு மேற்பட்ட எல்லாரிலும் வேலையில் உள்ளோரின் பங்கு எப்படி நகர்ந்தது என்று பார்க்காமல் காரணம் எழுதக்கூடாது. இந்த ஊரில் அது 56-இலிருந்து 52 ஆகியிருக்கிறது.

எழுதியதைச் சரிபார்க்க ஒரு கணக்குப் போதும். 2025 ஏப்ரல் மாதத்துக்கு அகில இந்திய அளவில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் பங்கேற்பு 55.6, வேலையில் உள்ளோர் 52.8 சதவீதம். கழித்தால் 2.8, அதுவே அந்த வயதினரில் வேலையற்றோர் பங்கு. 2.8-ஐ 55.6-ஆல் வகுத்தால் 5 சதவீதத்தை ஒட்டி வருகிறது. அறிவித்த வீதம் 5.1, சிறு வித்தியாசம் தசமத்தைச் சுருக்கியதால் வருவது. வெகுவாக விலகினால் எங்கோ எண் மாறியிருக்கிறது, அல்லது வயது வரம்பு வேறு.

தலைப்பில் ‘வேலையின்மை வீதம் 5.1%’ என்பது போதும். உள்ளே ஒரு முறையாவது ‘வேலை செய்வோரும் வேலைக்குத் தயாராக இருப்போருமாக உள்ள ஒவ்வொரு நூறு பேரிலும் ஏறத்தாழ ஐந்து பேருக்கு வேலை இல்லை’ என்று விரித்துச் சொல்ல வேண்டும். அகில இந்திய எண்ணைச் சேலம் மாவட்டத்துக்கு ஒட்டவும் கூடாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண்ணிக்கையும் மாற்று ஆகாது; வேறு வேலையில் இருந்துகொண்டே அரசுப் பணிக்காகப் பதிவைப் புதுப்பித்துவருபவர்களும் அதில் இருக்கிறார்கள்.