நெஞ்சடைப்பு – சொல் விளக்கம்

'நெஞ்சு' என்ற சொல் மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். 'தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்ற குறளில் சுடுவது மனசாட்சி. 'அடைப்பு' என்றால் வழி மறிபடுதல். அதனால் 'நெஞ்சை அடைக்குது' என்று ஒருவர் சொன்னால் அது இதயக்கோளாறாகவும் இருக்கலாம், மூச்சுத்திணறலாகவும் இருக்கலாம், வெளியே சொல்ல முடியாத துக்கமாகவும் இருக்கலாம். மருத்துவக் குறிப்பில் இவற்றைப் பிரித்தே எழுத வேண்டும். இதயத் தசைக்கு ரத்தம் தடைபடுவது மாரடைப்பு. இறுகுவதுபோன்ற உணர்வு நெஞ்சிறுக்கம். துன்பத்தை உடம்பின் வழியாகவும் வேறு வழிகளிலும் சொல்லும் ஊர்வழக்கை ஆங்கிலத்தில் 'idiom of distress' என்பார்கள்; அதற்குத் 'துயர் வழக்கு' என்பது பொருத்தமான தமிழ். இந்தக் கருத்தை அமெரிக்க மானிடவியலாளர் மார்க் நிக்டர் 1981-இல் முன்வைத்தார். கர்நாடகத்தின் தென்கனராவில் ஹவ்யகப் பிராமணப் பெண்களிடம் செய்த ஆய்வே அதற்கு அடிப்படை.

சேலம் சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் நாற்பது வயதுப் பெண் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "நெஞ்சுல கல்ல வெச்சாப்ல அடைக்குதுங்க" என்கிறார். ஈசிஜி சரியாக இருக்கிறது. இந்த இடத்தில்தான் "ஒண்ணுமில்லம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒரு ஈசிஜி சரியாக இருப்பதால் மட்டும் மாரடைப்பு இல்லை என்றாகிவிடாது. படியேறும்போது வருகிறதா, வியர்க்கிறதா, தாடையோ கையோ வலிக்கிறதா, சர்க்கரை நோய் உண்டா என்று கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஈசிஜியை மறுபடி எடுத்து, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது பட்டறைப் புகை. "வேலை செய்யறப்ப கூடுதா? லீவு நாள்ல குறையுதா?" பட்டறையில் கூடி, லீவில் குறைந்தால் நுரையீரலைப் பார்க்க வேண்டும். இவருக்கோ பட்டறையில் ஒன்றும் இல்லை. திங்கள் ராத்திரிதான் அடைக்கிறது.

"மனக்கவலை இருக்கா?" என்று நேராகக் கேட்டால் "அதெல்லாம் இல்லைங்க" என்றுதான் பதில் வரும். தன்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்களோ என்ற கூச்சம் அது. மாமியார் பக்கத்தில் நின்றால் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லலாம். பிறகு நோயாளியின் சொல்லையே பிடித்துக்கொண்டு போக வேண்டும்: "அடைக்குதுன்னா எப்படிம்மா, கைய வெச்சுக் காட்டுங்க." கை நெஞ்சிலிருந்து தொண்டைக்கு ஏறுகிறது. "திங்கக்கிழமை ராத்திரி வீட்டுல என்ன நடக்கும்?" செவ்வாய்க்கிழமை குழுக் கடன் தவணை, பணம் புரட்டுவது இவர் தலையில். "வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" தெரியாது. "சொல்ல முடியாம உள்ளயே அடைச்சு வெச்சிருக்கறது வேற ஏதாச்சும் இருக்குதா?" என்றதும் அழுகை வருகிறது.

அழுகை அடங்கட்டும். அதற்குப் பிறகு தூக்கம், பசி பற்றிக் கேட்டுவிட்டு, "இருந்து என்ன பண்றதுன்னு தோணுதாம்மா? செத்துப் போயிடலாம்னு நெனச்சதுண்டா?" என்று தெளிவாகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. குறிப்பேட்டில் 'பதற்றம்' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், அவர் சொன்னபடி 'கல்ல வெச்சாப்ல அடைக்குது, தவணைக்கு முந்தின ராத்திரி' என்று எழுதினால், அடுத்த முறை பார்க்கும் மருத்துவர் அதே சொல்லில் தொடர்ந்து விசாரிக்கலாம்.